அம்மாவின் முதுகும் ஒரு 24 மணி நேரக் கணக்கும்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. பஸ் போர்டில் மலையாளம் இருக்கும், டீக்கடையில் தமிழ் பேசுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதிப் பேர் பாலக்காடு போவார்கள், பாதிப் பேர் கோயமுத்தூர் போவார்கள். நான் மஸ்கட்டில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறேன். பி.காம் படித்தவன். டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. இந்தப் பதிவில் இருப்பது எல்லாம் எங்கள் வீட்டில் நடந்ததும், வீட்டுக்கு வந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்ததும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும்தான்.

அம்மாவுக்கு 76 வயது, எடை 48 கிலோ. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் வரும். ஊரில் அண்ணனும் அண்ணியும் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளபடி சொன்னால் அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்குத் தோப்பு, மோட்டார், ஆள் பிரச்சினை. எனக்குத் தினமும் ராத்திரி ஒரு வீடியோ கால். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பல பேருக்கு இதே நிலைமைதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் காகிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும். அவ்வளவுதான். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்த்து, எதை வைத்து முட்டுக் கொடுத்து, ராத்திரி தூங்கும்போதும் உண்டா... ஒன்றும் கிடையாது. அண்ணி தன்னால் முடிந்த மட்டும் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். அப்படியும் ஆறாவது வாரத்தில் அம்மாவின் வால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு திட்டு வந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. தோல் உரியவில்லை. நிறம்தான் மாறியிருந்தது.

அண்ணி போனில், "தம்பி, பின்னாடி கொஞ்சம் கருத்தாப்புல இருக்குதுங்க. வெயிலுக்கு வேர்க்குருவா இருக்குமோ என்னமோ" என்றார். போனைக் கொண்டுபோய்க் காட்டினார். வீடியோவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டியூப் லைட் வெளிச்சமும் போன் கேமராவும் சேர்ந்தால் எல்லாத் தோலும் ஒரே நிறம்தான்.

இங்கே கேரளாவில் ஒரு வசதி உண்டு. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சேர்ந்து வலி நிவாரணத்துக்கு என்று ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கேன்சர் நோயாளிகளுக்காகத் தொடங்கியது. பிறகு மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே வாலண்டியராகச் சேர்ந்து, வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008-இல் கேரள அரசு இதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. இந்தியாவில் முதலில் அப்படிச் செய்த மாநிலம் இதுதான். அதன் பலனாக இன்றைக்குப் பஞ்சாயத்து செலவில் ஒரு பாலியேட்டிவ் நர்ஸ் ஜீப்பில் வீடு தேடி வருகிறார். மலையாளத்தில் நம் அம்மா மாதிரி ஆட்களுக்குப் பெயர் 'கிடப்பு ரோகி'. அந்த லிஸ்டில் பெயர் ஏறிவிட்டால் போதும், காசு கேட்க மாட்டார்கள். ஆஷா ஒர்க்கரிடமோ வார்டு மெம்பரிடமோ சொன்னால் பெயரை ஏற்றிவிடுவார்கள். அண்ணன் ஏற்றியிருந்தார்.

நர்ஸ் வந்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. வீடியோ காலில் நானும் இருந்தேன். அவர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். முதலில் அந்தத் திட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் மெதுவாக அமுக்கி, மூன்று எண்ணி, எடுத்தார்.

இதை விளக்க வேண்டும். நல்ல தோலை அமுக்கி எடுத்தால் ஒரு நொடி வெளுத்து, பிறகு ரத்தம் திரும்பி வந்து பழைய நிறமாகும். சிவந்த இடத்தை அமுக்கியும் வெளுக்கவில்லை என்றால், உள்ளே ரத்தக் குழாய்களில் சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தோல் உரியாவிட்டாலும் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. ஆனால் நம் மாதிரி கருத்த தோலில் இந்த வெளுப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் நர்ஸ் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்த இடம் பக்கத்துத் தோலை விடச் சூடாக இருந்தது. விரலில் கொஞ்சம் கெட்டியாகப் பட்டது. "சேச்சி, இது வேர்க்குரு அல்ல. வேர்க்குருன்னா பொரிப்பொரியா இருக்கும். இது எலும்புக்கு நேர் மேலே, ஒரே திட்டு" என்றார் அண்ணியிடம்.

நாம் எல்லோரும் நினைப்பது, படுக்கை உரசி உரசி மேலே இருந்து புண் வருகிறது என்று. பல பேருக்கு அது உள்ளே இருந்து வருகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. எலும்பை ஒட்டிய சதைதான் பெரும்பாலும் முதலில் சாகும். மேலே தோலில் நாணயம் அளவு தெரியும்போது உள்ளே அதைவிட அகலமாகச் சேதம் இருக்கலாம். அதனால்தான் தோல் முழுசாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். உரிந்து குழி விழுந்துவிட்டால் ஆறுவதற்கு மாதக் கணக்கு ஆகும்.

பிறகு நர்ஸ் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பதிவே அந்தக் கேள்வியால்தான். "அம்மை ஒரு நாளில் எத்தனை மணிக்கூர் இந்த எலும்பு மேலே இருக்குது?"

அண்ணி, "நாந்தான் புரட்டிப் புரட்டிப் போடுறேனுங்களே" என்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஒரு பேப்பரை எடுத்தேன். கணக்கு போடுவதுதான் நம் தொழில். நேற்றைய நாளை மணி வாரியாகச் சொல்லச் சொல்லி எழுதினேன்.

ராத்திரி 10 முதல் 1 வரை மல்லாக்க. 1 முதல் 4 வரை ஒருக்களித்து. 4 முதல் 6 வரை மறுபடி மல்லாக்க. 6 முதல் 7.30 வரை சுத்தம் செய்வதும் ஒருக்களித்துப் படுப்பதும். 7.30 முதல் 9 வரை தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து காபி, டிபன். 9 முதல் 12.30 வரை ஒருக்களித்து. 12.30 முதல் 2 வரை சாய்ந்து உட்கார்ந்து சாப்பாடு. 2 முதல் 4 வரை மல்லாக்கத் தூக்கம். 4 முதல் 6.30 வரை ஒருக்களித்து. 6.30 முதல் 9.30 வரை சாய்ந்து உட்கார்ந்து சீரியல், நடுவில் இரவுச் சாப்பாடு. பிறகு அரை மணி நேரம் டயபர் மாற்றி, துடைத்து, தயார் செய்வது.

மல்லாக்கப் படுத்தது 7 மணி நேரம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சாய்ந்து உட்கார்ந்தது 6 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் 24-இல் 13 மணி நேரம் அந்த ஒரு எலும்பின் மேல். உட்கார வைப்பதை 'புரட்டுவது' என்ற கணக்கில்தான் வீட்டில் எல்லோரும் வைத்திருந்தார்கள். நிலை மாறியது போலத் தெரியும். எலும்பைக் கேட்டால் அதே இடம்தான், அதே பாரம்தான்.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். சாய்ந்து உட்காருவது மல்லாக்கப் படுப்பதை விட மோசமாம். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் மேஜையில் இருந்த நோட்டுக் கட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒரு கட்டின் அடித்தாளை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்தாளைத் தள்ளினால், நடுவில் உள்ள தாள்கள் எல்லாம் சரிந்து சாயும் அல்லவா? முதுகை உயர்த்தி உட்கார வைத்தால் உடம்பு மெதுவாகக் கீழே வழுக்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். எலும்பு உள்ளே கீழே இறங்கும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கிப் போகும். அமுக்கத்தோடு இந்த இழுப்பும் சேர்ந்தால் சேதம் சீக்கிரம் வரும். வழுக்கி இறங்கியவரை அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கிறோம் பாருங்கள், அப்போது அதே இழுப்பு எதிர்ப்பக்கம். அம்மாவுக்கு ஒரு சீரியல் முடிவதற்குள் இரண்டு தடவை அது நடந்துகொண்டிருந்தது.

ஆனால் உட்கார வைக்காமலும் இருக்க முடியாது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது கஷ்டம். படுத்தபடி கஞ்சி கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரலாம். சாப்பிடும்போது நன்றாக நிமிர்த்தித்தான் ஆக வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். அதனால் உட்காருவதைச் சாப்பாட்டுக்கு மட்டும், வேளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். உட்கார வைக்கும் முறையையும் நர்ஸ் மாற்றிக் கொடுத்தார். முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் காலை மடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதுகை உயர்த்த வேண்டும். அப்போது வழுக்காது. உயர்த்தியதும் ஒரு தடவை முன்னால் சாய்த்து, முதுகைப் படுக்கையில் இருந்து பிரித்து, நைட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டு, மறுபடி சாய்க்க வேண்டும். பத்து விநாடி வேலை. ஒட்டியிருந்த தோல் விடுபட்டுவிடும்.

அடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பது. நாம் செய்வது முழுசாக, சுவரைப் பார்த்து, செங்குத்தாகத் திருப்புவது. அப்போது உடம்பின் பாரம் முழுக்க இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் விழும். வால் எலும்பைக் காப்பாற்றப் போய் அங்கே புண் வரும். சரியான சாய்வு 30 டிகிரி, அதாவது செங்கோணத்தில் மூன்றில் ஒரு பங்கு. மல்லாக்கப் படுத்திருப்பவரைக் கொஞ்சமாகத் திருப்பி, தோளில் இருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை. இப்போது பாரம் புட்டத்துச் சதையில் நிற்கும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வால் எலும்பும் படுக்கையில் அமுங்கக் கூடாது, இடுப்பு எலும்பும் அமுங்கக் கூடாது. இரண்டுக்கும் கீழே கை சுலபமாகப் போனால் சரி. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. விழுந்துபோன கைக்கு அடியில் ஒன்று. அந்தப் பக்கம் படுக்கும்போது தோள் உடம்புக்கு அடியில் மடங்காமல் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட வேண்டும்.

குதிகாலை மறந்துவிடுவோம். அங்கே சதையே இல்லை, தோலுக்கு அடுத்து எலும்புதான். கெண்டைக்கால் முழுக்கத் தாங்கும்படி நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் காற்றில் தொங்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைப்பது இல்லை. ஒன்றுமே படக் கூடாது. ஒரு பேப்பரை அடியில் விட்டால் தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் புதுக் கணக்கு போட்டோம். ஒரு சிக்கல், சீரியல். அம்மாவுக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு அதுதான். அதைப் பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை. டிவி கால்மாட்டுச் சுவரில் இருந்ததால்தான் உட்கார வேண்டி வந்தது. அண்ணன் மறுநாளே டிவியைக் கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூலில், அம்மாவின் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்தார். இடது பக்கம் சாய்ந்து படுத்தபடியே பார்க்கலாம்.

புதுக் கணக்கு இது. காலை 7.30, மதியம் 12.30, மாலை 6.30 ஆகிய மூன்று வேளையும் ஒவ்வொரு மணி நேரம் சாப்பாட்டுக்கு உட்காருவது. பாக்கி நேரம் முழுவதும் வலது சாய்வு, இடது சாய்வு மாறி மாறி. உணர்ச்சி இல்லாத இடது பக்கத்தில் கொஞ்சம் குறைவாக, வலது பக்கத்தில் கொஞ்சம் அதிகமாக. மல்லாக்கப் படுப்பது அறவே இல்லை. வால் எலும்பின் கணக்கில் 13 மணி நேரம் 3 மணி நேரமாக இறங்கிவிட்டது. ஆள் அதிகமில்லை. பணமும் அதிகமில்லை.

நான்காவது நாள் சூடு இல்லை என்றார் அண்ணி. இரண்டாவது வாரத்தில் கெட்டியும் போய், நிறமும் கிட்டத்தட்டப் பழையபடி ஆகிவிட்டது.

இப்போது ராத்திரியைப் பற்றி. 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை' என்பதைக் கடைசி வரைக்கும் ஒரே ஆள் செய்ய முடியாது. முதல் இரண்டு வாரம் அண்ணி அலாரம் வைத்து அப்படித்தான் செய்தார். பிறகு பகலில் நின்றுகொண்டே தூங்கினார். நான் தேடிப் பார்த்தபோது 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 900-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பிரிவிலும் புண் வந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தை. தோலையும் விடாமல் கவனித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழி விழுந்து, பஞ்சு கட்டி கட்டியாக இருந்தது. அதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அதனால் கோயமுத்தூரில் அடர்த்தியான ஃபோம் மெத்தை ஒன்று வாங்கினார் அண்ணன். நர்சிடம் கேட்டுவிட்டு, திட்டு மறைந்த பிறகு, ராத்திரி இடைவெளியை இரண்டில் இருந்து மூன்றுக்கு நீட்டினோம். ஒரு வாரம் காலையில் தோலைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பிறகு 10 மணி முதல் 2 வரை வலது, 2 முதல் 5 வரை இடது. நடுராத்திரியில் ஒரே ஒரு தடவை எழுந்தால் போதும், அதுவும் அண்ணனும் அண்ணியும் நாள் மாற்றி நாள். விதி இதுதான். எந்த இடைவெளியாக இருந்தாலும் திருப்பிய அரை மணி நேரத்தில் பழைய பக்கத்துச் சிவப்பு மறைந்துவிட வேண்டும். மறையவில்லை என்றால் அந்த இடைவெளி அந்த உடம்புக்கு அதிகம், குறைக்க வேண்டும்.

நம்மில் பல பேர் முதலில் செய்வது, ஏர் பெட்டுக்குப் பணம் அனுப்புவது. நல்ல பொருள்தான், பாலியேட்டிவ் யூனிட்டிலேயே இரவலாகவும் கிடைக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஆனால் ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். இன்னொன்று, காற்று போதுமா என்று பார்க்க வேண்டும். ஆள் படுத்திருக்கும்போது, ஏர் பெட்டுக்கு அடியில், வால் எலும்புக்கு நேர் கீழே உள்ளங்கையை விடுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் ஏர் பெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு அங்குலமாவது காற்று மெத்தென்று நடுவில் நிற்க வேண்டும். கரண்ட் போனால் காற்று இறங்கும். நம் ஊரில் மழைக்காலத்தில் அது எத்தனை தடவை என்று சொல்லத் தேவையில்லை. மேலே போர்வை, ரப்பர் ஷீட், துணி என்று நான்கு அடுக்கு விரித்தாலும் பலன் போய்விடும்.

இதே விஷயத்தை என் மனைவியின் பெரியம்மா வீட்டிலும் பார்த்தோம். அவர்கள் இருப்பது இடுக்கி ஜில்லாவில் வண்டிப்பெரியார் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில். பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கை. எங்கள் ஊரில் இருந்து நேர் மாறான நிலைமை. எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வெயில், வேர்வை. ரப்பர் ஷீட்டின் மேல் வேர்த்து ஊறின தோல் சீக்கிரம் உரியும். அதனால் ரப்பர் ஷீட்டை இடுப்புக்கு அடியில் மட்டும் வைத்து மேலே ஒரே ஒரு பருத்தித் துணி. டயபரைப் பகலில் கழற்றி வைத்துக் காற்றுப் பட விடுவது. அழுக்கானால் உடனே தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாஸ்லின் மெல்லிசாகப் பூசுவது. பவுடர் கிடையாது, வேர்வையில் கட்டியாகி உறுத்தும்.

வண்டிப்பெரியாரில் குளிரும் சாரலும். அங்கே துணி காயாது. ஈரத்துணியை விரிக்க முடியாமல் சுருங்கிய பழைய துணியையே திருப்பி விரித்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் அறை சின்னது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பெரியம்மாவைக் கவனிக்க ஒரு பக்கம் இருந்துதான் முடியும். அதனால் எப்போதும் அந்தப் பக்கமே திருப்பினார்கள். மனைவி லீவில் போனபோது கட்டிலை ஒன்றரை அடி நகர்த்தினாள், அதற்காக ஒரு பீரோவை வெளியே வைக்க வேண்டி வந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்றதும், அடியில் மடித்துப் போட்ட ஒரு போர்வையை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த முடிந்தது. தனி ஆள் இழுக்கும்போது தோல் உரசும். தூக்கி வைக்கும்போது உரசாது. கூடவே ஒரு எச்சரிக்கை. குளிருக்குக் காலில் வெந்நீர் பாட்டில் வைப்பது அங்கே பழக்கம். உணர்ச்சி குறைந்த காலில் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கம்பளி சாக்ஸ் போதும்.

செய்யக் கூடாதவை மூன்று. இரண்டு ஊரிலும் பார்த்தது. ஒன்று, சிவந்த இடத்தில் தைலமோ எண்ணெயோ போட்டுத் தேய்ப்பது. அன்பாகத்தான் செய்கிறார்கள். உள்ளே ஏற்கெனவே நைந்திருக்கும் சதை இன்னும் நையும். இரண்டு, நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பது. ஓட்டையைச் சுற்றி அமுக்கம் விழுந்து நடுவில் ரத்தம் போகாது. மூன்று, தோல் உரிந்தால் வீட்டில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் ஊற்றுவது. அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கொல்லும். சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவி மூடிவிட்டு நர்சுக்குப் போன் செய்வதுதான் சரி.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. படுக்கையில் இருப்பவருக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தால் சதை கரையும், எலும்பு இன்னும் துருத்தும். இப்படி ஆபத்தில் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு ஒன்றேகால் கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள். அம்மாவின் 48 கிலோவுக்கு 60 கிராம். ஒரு கிண்ணம் கஞ்சியில் மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். இரண்டு முட்டை 12, இரண்டு டம்ளர் பால் 13, கெட்டிப் பருப்பு இரண்டு கிண்ணம் 15, முள் நீக்கி மசித்த ஒரு துண்டு மீன் 12, இட்லியும் தயிருமாக மீதி. அண்ணி கஞ்சியிலேயே பருப்பை வேகவைத்து மசித்துவிடுகிறார். கிட்னி பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, டாக்டரைக் கேட்க வேண்டும்.

எல்லாம் செய்தும் சில பேருக்குப் புண் வரும். உடம்பு கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது தோலும் மற்ற உறுப்புகள் மாதிரியே தோற்றுப்போகும். அப்போது பார்த்துக்கொள்கிறவரைக் குறை சொல்வது நியாயமில்லை. திருப்பும்போது வலி அதிகமானால் வலியைக் குறைப்பதுதான் முதல் வேலை. அதையும் பாலியேட்டிவ்காரர்களிடமே கேட்கலாம்.

போனில் கேட்கும் நமக்கு ஒரு யோசனை. 'புண் இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். நான் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். காலையில் துடைக்கும்போது எங்கேயாவது சூடாக, கெட்டியாக, இல்லை சொதசொதவென்று இருந்ததா? நேற்றுப் பார்த்த சிவப்பு திருப்பின பிறகு போனதா? குதிகால் தொங்குகிறதா? இன்றைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்? கடைசியாக, ராத்திரி நீங்கள் தூங்கினீர்களா அண்ணி? கரும்ஊதா நிறம், கொப்புளம், உரிந்த தோல், நாற்றம், காய்ச்சல், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே நர்சைக் கூப்பிட வேண்டும்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பெர்ஃப்யூம், சாக்லேட் வாங்குவதோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள். போன முதல் நாள் ஒரு முழு 24 மணி நேரத்தையும் பக்கத்தில் இருந்து பேப்பரில் எழுதுங்கள். வால் எலும்பின் பங்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் கட்டிலைச் சுவரில் இருந்து நகர்த்துங்கள், டிவியை இடம் மாற்றுங்கள், நல்ல தலையணை ஐந்து வாங்குங்கள். மீதி நாள் ராத்திரி இரண்டு மணி முறையை நீங்கள் எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொள்கிறவரைத் தூங்க விடுங்கள். போன லீவில் நான் பன்னிரண்டு ராத்திரி எடுத்துக்கொண்டேன். அம்மாவைத் திருப்பித் தலையணையைச் சரிசெய்து, அடியில் கையை விட்டுப் பார்க்க நான்கு நிமிஷம் ஆனது. அண்ணிக்கு இரண்டே நிமிஷம்தான் ஆகிறது.